மூன்று பேருக்கு இது படகு சவாரி

கேள்வி: போன வாரம் குடும்பத்தோடு ஊட்டி போய்விட்டு வந்தோம். போட்டோவெல்லாம் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் கீழே என்ன எழுதினாலும் "ஊட்டியில் நாங்கள்", "மலை ரயிலில் ஒரு நாள்" என்றுதான் வருகிறது. என் தம்பி ஒரு வரி எழுதினால் குரூப்பே சிரிக்கிறது. அந்த மாதிரி கேப்ஷன் எழுதுவது எப்படி? தொட்டபெட்டாவில் எடுத்ததெல்லாம் ஒரே பனிமூட்டம், அதை டிலீட் பண்ணிவிடலாமா?

பதில்:

டிலீட் செய்ய வேண்டாம். உங்களிடம் இருப்பதிலேயே நல்ல படம் அதுதான். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நான் ஒரு வார இதழில் பல வருடம் உதவி ஆசிரியராக இருந்தவன். பக்கம் அச்சுக்குப் போகிற கடைசி நேரத்தில் படங்களுக்குக் கீழே ஒரு வரி எழுதுகிற வேலை எப்போதும் என் தலையில்தான் விழும். சேர்ந்த முதல் மாதம், மழையில் குடை பிடித்து நிற்கும் ஒரு போலீஸ்காரர் படத்துக்கு "மழையில் குடையுடன் காவலர்" என்று எழுதிக் கொடுத்தேன். பொறுப்பாசிரியர் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, பக்கத்தில் ஒரே ஒரு வார்த்தை எழுதித் திருப்பி அனுப்பினார்: "தெரிகிறது." அடுத்த ஆறு மாதத்தில் எத்தனை "தெரிகிறது" வாங்கினேன் என்று கணக்கு வைக்கவில்லை. ஆனால் இந்தக் கலையில் முக்கால் பங்கு அந்த ஒரு வார்த்தைக்குள் இருக்கிறது.

படத்தைப் பார்ப்பவருக்குக் கண் இருக்கிறது. ஏரி, படகு, மரம், நாலு பேர், சிரிப்பு என்று எல்லாவற்றையும் ஒரு நொடியில் பார்த்துவிடுவார். அதற்குப் பிறகுதான் கீழே இருக்கும் வரிக்கு வருகிறார். அங்கேயும் அதே ஏரி, அதே படகு என்றால் அவருக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. லைக் போடுவார், பாசத்தில். சிரிக்க மாட்டார். படத்துக்குத் தெரியாத ஒரு விஷயத்தைக் கேப்ஷன் சொல்ல வேண்டும். அதைப் படித்ததும் அவர் மறுபடி படத்துக்குப் போய், முன்பு பார்த்ததையே வேறு மாதிரி பார்க்க வேண்டும். கண் ஒரு முறை கீழே வந்து, திரும்ப மேலே போகிற அந்தப் போக்குவரத்தில்தான் சிரிப்பு வருகிறது.

இது ஒன்றும் மொபைல் வந்த பிறகு கண்டுபிடித்த வித்தை இல்லை. புறநானூற்றில் 95ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். அதியமானுக்காக ஔவையார் தூது போகிறார். தொண்டைமான் தன் ஆயுதக் கொட்டிலைப் பெருமையாகத் திறந்து காட்டுகிறான். ஔவையார் முதலில் கண்ணுக்குத் தெரிவதைத்தான் சொல்கிறார்: இவை மயில்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி, காவலுள்ள அரண்மனையில் பத்திரமாக இருக்கின்றன. அவனுக்குக் குளிர்ந்திருக்கும். அப்புறம்தான் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பக்கத்தில் வைக்கிறார்: எங்கள் அரசனுடைய வேல்களோ, பகைவரைக் குத்திக் குத்தி முனை ஒடிந்து, எப்போதும் கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. அவ்வளவுதான். திட்டவில்லை, ஒப்பிட்டுத் தீர்ப்பும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பளபளப்பான வேல்களைத் தொண்டைமான் இனி பழைய கண்ணோடு பார்க்க முடியாது. வஞ்சப்புகழ்ச்சி என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே, அதேதான். உங்கள் தம்பி தெரிந்தோ தெரியாமலோ செய்வதும் இதே வேலையாகத்தான் இருக்கும்.

சரி, படத்துக்குத் தெரியாத விஷயத்தை எங்கே தேடுவது? கற்பனையில் தேட வேண்டாம். சட்டத்துக்கு வெளியே தேடுங்கள். போட்டோ எடுப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் என்ன நடந்தது? எடுத்து முடித்ததும் என்ன நடந்தது? எடுத்தவர் யார், எந்த மனநிலையில் எடுத்தார்? இந்தச் சிரிப்புக்கு எவ்வளவு செலவானது? படத்தில் இருக்க வேண்டியவர் யார் இல்லை, ஏன்? உல்லாசப் பயணம் என்பதே வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. போட்டோவில் எல்லோரும் ஒட்டி நின்று சிரிப்பார்கள். அதற்கு ஐந்து நிமிடம் முன்னால் கார் சாவி யாரிடம் என்று சண்டை நடந்திருக்கும். அந்த இடைவெளிதான் நமக்கு மூலப்பொருள்.

ஒரு சின்னச் சிக்கல் உண்டு. இந்தச் சமாச்சாரமெல்லாம் இரண்டு நாளில் மறந்துபோகும். போட்டோ மட்டும் மிஞ்சும், அதுவும் பொய்யாக, எல்லோரும் சந்தோஷமாக இருந்ததாக. அதனால் நான் ஊருக்குப் போனால் ராத்திரி லாட்ஜில் படுக்கும் முன் மொபைலில் நாலு வரி குறித்துக்கொள்வேன். "மச்சான் வறுத்த கடலை இரண்டு பொட்டலம் வாங்கி ஒளித்து வைத்தது." "ஸ்வெட்டர் வேண்டாம் என்று சொன்னவரே கடைசியில் இரண்டு ஸ்வெட்டர்." "அப்பா விரல்." கேப்ஷனாக எழுதுவதில்லை, வெறும் குறிப்பு. வீட்டுக்கு வந்து படத்தோடு சேர்த்துப் பார்க்கும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

என் வீட்டுப் படம் ஒன்றையே எடுத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை காட்டுகிறேன். இடம் உங்கள் ஊட்டிதான். 1824 வாக்கில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் வெட்டுவித்த அந்த ஏரியில், மிதி படகு. படத்தில் நாலு பேர்: நான், மனைவி, மகள், மச்சான். எல்லோரும் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டில். பின்னால் தைல மரங்கள். படகின் விளிம்பு இடுப்பு வரை மறைக்கிறது, கால்கள் தெரியவில்லை. எடுத்தவர் அப்பா, கரையில் இருந்து. "காசு கொடுத்துத் தண்ணியில உட்காரணுமா" என்று ஏற மறுத்தவர். அவர் விரல் படத்தின் மூலையில் ஒரு ஓரமாக விழுந்திருக்கிறது.

முதலில் கைக்கு வந்தது: "ஊட்டி ஏரியில் உல்லாசப் படகு சவாரி." தெரிகிறது. அடித்தாயிற்று.

அடுத்தது: "இயற்கையின் மடியில் சில நிமிடங்கள்." படத்தில் இல்லாத வார்த்தைகள்தான். ஆனால் எல்லோர் படத்திலும் இருக்கிற வார்த்தைகள். இதே வரியைக் குற்றாலத்தில் குளிப்பவர் படத்துக்கும், மூணாறில் டீ குடிப்பவர் படத்துக்கும் வெட்டி ஒட்டலாம். ஒரு கேப்ஷனை இன்னொருவர் படத்துக்குக் கொண்டுபோய் ஒட்ட முடிகிறது என்றால் அது உங்கள் படத்துக்கு எழுதியதே இல்லை.

மூன்றாவது: "செம ஜாலி!" இது முடிவை நாமே சொல்லிவிடுவது. ஜாலியா இல்லையா என்று பார்ப்பவர் தீர்மானிக்கட்டும்.

நாலாவது: "ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்று அரை மணி நேரம் படகில் போனோம்." முதல் முறையாகப் படத்துக்குத் தெரியாத ஒன்று உள்ளே வந்திருக்கிறது. உண்மையும்கூட. ஆனால் இது புகார். படித்தவர் "ஆமாம், சீசன்ல அப்படித்தான்" என்று போய்விடுவார். படத்துக்குத் திரும்ப அவருக்கு ஒரு காரணமும் இல்லை, ஏனென்றால் வரிசை படத்தில் எங்கேயும் தடம் விட்டிருக்கவில்லை.

இங்கேதான் நான் கொஞ்சம் நின்றேன். வெளியே நடந்த விஷயம் படத்துக்குள் ஏதாவது ஒரு தடயத்தை விட்டிருக்க வேண்டும். அந்தத் தடயத்தைத் தேடினேன். மூன்று பேர் முகத்தில் சிரிப்பு. என் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று. பல் தெரிகிறது, ஆனால் நெற்றி நனைந்திருக்கிறது. ஊட்டிக் குளிரில் வேர்வை. காரணம் எளிது. பெடல் என் பக்கம், மிதித்தது நான் ஒருவன்தான். மச்சான் அவன் பக்கத்துப் பெடலில் காலை மட்டும் வைத்திருந்தான். தடயம் கிடைத்துவிட்டது.

ஐந்தாவது: "நாலு பேர் போகும் படகு. மிதித்தது நான் மட்டும்." பரவாயில்லை. ஆனால் விடையையும் நானே சொல்லிவிட்டேன். பார்ப்பவருக்கு ஒரு வேலையும் மிச்சமில்லை.

ஆறாவது: "மிதிப்பது யார் என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடியுங்கள்." இப்போது கண் மேலே போகிறது. ஆனால் இது வினாடி-வினா மாதிரி இருக்கிறது. "சிரியுங்கள்" என்று கையைப் பிடித்து இழுப்பதும் இதுவும் ஒன்று.

ஏழாவது: "மூன்று பேருக்கு இது படகு சவாரி."

இதைத்தான் போட்டேன். படத்தில் நாலு தலை. வரியில் மூன்று. மீதி ஒன்று யார் என்று கேட்கவே தேவையில்லை, கண் தானாக எண்ணிப்பார்க்கும், என் நெற்றிக்கு வந்து நிற்கும். மிதித்தேன், வேர்த்தது, மச்சான் ஏமாற்றினான் என்று எதையும் வரியில் சொல்லவில்லை. அப்பா அதைப் பார்த்துவிட்டு, "நான் கரையில இருந்தே சொன்னேன்" என்று குரூப்பில் போட்டார். அது என் வரியை விட நல்ல கேப்ஷன் என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஏழு தடவை எழுத வேண்டுமா என்று நீங்கள் மலைக்க வேண்டாம். முதல் மூன்றும் எல்லோருக்கும் வருபவை, வந்து போகட்டும். அவற்றைத் தலையிலிருந்து இறக்கி வைத்தால்தான் மற்றவை வரும். பழகினால் நாலாவதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

அடுத்தது, வார்த்தைகளை வைக்கிற வரிசை. இதில் நம் மொழி நமக்குப் பெரிய உதவி செய்கிறது. தமிழில் வினை கடைசியில்தான் வரும். வாக்கியம் எந்தப் பக்கம் சாயும் என்பது கடைசி வார்த்தை வரை தெரியாது. அதனால் திருப்பத்தைக் கடைசி வார்த்தையில், முடிந்தால் கடைசி அசையில் வைக்கலாம். ஹோட்டலில் எல்லோரும் சாப்பிடுகிற படம், நடுவில் அப்பா வாய் நிறையச் சிரிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "பில் இன்னும் வராததால் அப்பா சிரிக்கிறார்" என்று எழுதினால் விஷயம் சரி, ஆனால் வெடி முதலிலேயே வெடித்துவிட்டது. அதற்குப் பிறகு "அப்பா சிரிக்கிறார்" என்பது வெறும் புகை. "அப்பா சிரிக்கிறார். பில் இன்னும் வரவில்லை." இப்போது பாருங்கள். முதல் வாக்கியம் படத்தில் இருப்பதையே சொல்கிறது, அசட்டையாக. பார்ப்பவர் "தெரிகிறது" என்று நினைக்கிற அந்த நொடியில் இரண்டாவது வாக்கியம் வருகிறது. நடுவில் இருக்கும் முற்றுப்புள்ளிதான் மூச்சு வாங்குகிற இடம். அங்கே ஆச்சரியக்குறி போட்டால் காரியம் கெட்டது. நூறு சிரிப்பு முகங்களை வரிசையாகப் போட்டாலும் அதே கதிதான்; ஜோக் சொல்லிவிட்டுத் தானே முதலில் சிரிப்பவரைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா.

கன்னியாகுமரிக்கு ஒன்று: "சூரிய உதயம் பார்க்க நாலு மணிக்கு எழுந்தோம். சூரியன் எழவில்லை." ஒரே வினை, இரண்டாவது முறை எதிர்மறையில். இந்த வசதிக்காகவே தமிழில் கேப்ஷன் எழுதச் சொல்வேன்.

இன்னொரு சாமான் இருக்கிறது, வேறு பல மொழிக்காரர்கள் கேட்டால் பொறாமைப்படுவார்கள்: "ஆம்" விகுதி. யாரோ சொன்னார்கள், நான் பொறுப்பில்லை என்பதை ஒரே அசையில் சொல்லிவிடும். "இது தற்கொலை முனை" என்றால் தகவல் பலகை. "இதுதான் வியூ பாயின்ட்டாம்" என்றால் நம்பி வந்து ஏமாந்தவன் குரல் கேட்கிறது. "பத்து நிமிட நடையாம்" என்று எழுதி, கீழே பாறையில் கால் பரப்பி உட்கார்ந்திருக்கும் நாலு பேர் படத்தைப் போட்டால் வேறு ஒன்றும் எழுத வேண்டாம். ஆனால் ஒரு ஆல்பத்துக்கு ஒரு தடவை மட்டும். எல்லாப் படத்துக்கும் "ஆம்" போட்டால் பாட்டி கதை சொல்வது மாதிரி ஆகிவிடும்.

இடத்தைப் பற்றிய உண்மைத் தகவல் ஒன்று கையில் இருந்தால் அதுவும் நல்ல விறகு. நீங்கள் ஏறிய மலை ரயிலையே எடுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி 46 கிலோமீட்டர், மேலே ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம். 208 வளைவு, 16 குகை என்று எல்லோரும் எழுதுவார்கள், அது சுற்றுலாத் துறை வேலை. ஆனால் இன்னொரு விஷயம் இருக்கிறது: குன்னூர் வரை மலை ஏறும்போது நீராவி எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை, பெட்டிகளுக்குப் பின்னால் நின்று தள்ளுகிறது. இதைத் தெரிந்துகொண்டதும் எனக்கு எங்கள் வீடு ஞாபகம் வந்தது. ரயில் முன்னால் அப்பா இடுப்பில் கை வைத்து நிற்கிற படம், பின்னால் தூரத்தில் அம்மா இரண்டு பையோடு. எழுதினேன்: "இந்த ரயிலுக்கு எஞ்சின் பின்னால் இருக்கிறது. எங்கள் குடும்பத்துக்கும்." அம்மா அந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் ஸ்டேட்டஸில் வைத்தார்.

மாமல்லபுரம் வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தள்ளுகிற மாதிரி நிற்கும் படமும் இப்படித்தான். அந்தப் படம் எல்லோர் வீட்டிலும் ஒன்று இருக்கிறது, "பாறையைத் தாங்கும் பாகுபலி" என்கிற வரியோடு. 1908இல் சென்னை கவர்னர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கட்டி அதை இழுத்துப் பார்த்தார், அசையவில்லை என்று சொல்வார்கள். அதை இப்படிப் பயன்படுத்தலாம்: "ஏழு யானை தோற்ற இடத்தில் முயற்சி செய்கிறேன். வீட்டில் காஸ் சிலிண்டர் நகர்த்த இடுப்பு வலி." இதில் கவனியுங்கள், தகவல் தனியாக நிற்கவில்லை, சிலிண்டர் வந்ததும்தான் யானைக்கு வேலை கிடைக்கிறது. தகவல் மட்டும் போதும் என்று ஏழு யானையோடு நிறுத்தியிருந்தால் அது கைடு சொல்வது.

சில சமயம் உங்கள் குரலில் எழுதாமல், வேறு ஒரு குரலைக் கடன் வாங்கலாம். பத்திரிகைச் செய்தி, ரயில்வே அறிவிப்பு, கல்யாணப் பத்திரிகை, காணவில்லை விளம்பரம். விதி ஒன்றுதான்: கடன் வாங்கிய குரலைக் கடைசி வரை விடக்கூடாது, அதன் நடையை அச்சு அசலாகப் பிடிக்க வேண்டும். மேகம் மூடிய கன்னியாகுமரிக் கடற்கரைக்கு இப்படி:

"காணவில்லை. பெயர்: சூரியன். வயது: சுமார் 460 கோடி ஆண்டுகள். நிறம்: காலையில் சிவப்பு. கடைசியாகப் பார்த்த இடம்: நேற்று மாலை, இதே கடற்கரை. கண்டுபிடித்துத் தருபவருக்கு லாட்ஜ் வாடகையில் பாதி."

இது நீளம்தான், ஆனால் விளம்பரத்தின் வடிவமே நீளத்தைத் தாங்குகிறது. ஒரு எச்சரிக்கை: கண்ணீர் அஞ்சலி வடிவத்தைத் தொடாதீர்கள். என் நண்பர் ஒருவர் லீவு முடிந்த வருத்தத்தில் "கண்ணீர் அஞ்சலி" என்று பெரிதாக எழுதி, கீழே பொடி எழுத்தில் "எங்கள் பத்து நாள் விடுமுறைக்கு" என்று போட்டார். மேலே இருந்த படம் அவருடைய மாமா அருவியில் கண்ணை மூடி நிற்பது. அரை மணி நேரத்தில் ஆறு போன். ஒருவர் மதுரையிலிருந்து பஸ் ஏறவே போய்விட்டார்.

நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இன்ஸ்டாகிராமில் 2,200 எழுத்து வரை எழுத இடம் இருக்கிறது, ஆனால் முதல் ஒன்றிரண்டு வரிக்குப் பிறகு மீதியை மறைத்து "more" என்று காட்டும். திருப்பம் அந்தப் பக்கம் போய்விட்டால் பாதிப் பேர் வெறும் பீடிகையை மட்டும் படித்துவிட்டு நகர்வார்கள். பத்து வார்த்தைக்குள் முடிந்தால் கவலையே இல்லை. வாட்ஸாப் குரூப்பில் நாற்பது படத்தை ஒரே மூச்சில் கொட்டுவதும் அதே மாதிரி தற்கொலைதான்; உங்கள் தம்பி அநேகமாக ஒரு படம்தான் போடுவார், கவனித்துப் பாருங்கள்.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்லியாக வேண்டும். அதே மலை ரயில் பயணத்தில் சித்தப்பா ஜன்னல் ஓரத்தில் வாயைத் திறந்து தூங்கினார். அவர் குறட்டை பெட்டி முழுக்கக் கேட்டது. படம் எடுத்து, "இந்த ரயிலில் எஞ்சின் இரண்டு" என்று போட்டேன். வரியாகப் பார்த்தால் இன்றைக்கும் அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்: சின்னது, படத்துக்குத் தெரியாத சத்தத்தைச் சொல்கிறது, குறட்டை என்ற வார்த்தையே இல்லை. குரூப் சிரித்தது. சித்தப்பா மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. சித்தி மட்டும் லைக் போட்டிருந்தார். அந்தக் குரூப்பில் அவருடைய சம்பந்தி வீட்டாரும் இருந்ததை நான் யோசிக்கவே இல்லை.

அதிலிருந்து எனக்கு ஒரு வழக்கம். சிரிப்பு என் மேல் விழலாம், வானிலை மேல் விழலாம், லாட்ஜ் வெந்நீர் மேல் விழலாம். படத்தில் தூங்குபவர், சாப்பிடுபவர், தடுக்கி விழுந்தவர் மேல் விழுவதாக இருந்தால், போடுவதற்கு முன் அவரிடமே காட்டுவேன். அவர் முதலில் சிரித்தால் போடலாம். மெல்ல ஒரு "ம்" வந்தால் விட்டுவிட வேண்டும். உடம்பு, நிறம், வழுக்கை இந்த மூன்றையும் கேட்கக்கூட வேண்டாம். மனைவி கிளம்ப லேட், மாமியார் வந்தால் புயல் என்கிற வகையும் வேண்டாம். அது யாரையும் புண்படுத்துகிறதோ இல்லையோ, நைந்து போன துணி, கிழியக்கூட அதில் இடமில்லை. சினிமா வசனத்தை அப்படியே தூக்கிப் போடுவதும் எனக்குப் பிடிக்காது, அதில் சிரிப்பு வசனம் எழுதியவருக்குத்தான் போகிறது. இது என் ருசி, மற்றவர்கள் சண்டைக்கு வருவார்கள்.

எழுதி முடித்ததும் பார்ப்பதற்கு ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. முதலில் கேப்ஷனைக் கட்டைவிரலால் மூடிவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். பிறகு படத்தை மூடிவிட்டு வரியை மட்டும் படியுங்கள். "மூன்று பேருக்கு இது படகு சவாரி" என்பது தனியாக நின்றால் ஒன்றுமே புரியாது, படமும் தனியாக நின்றால் சாதாரணப் படம். இரண்டும் சேர்ந்தால்தான் வேலை செய்கிறது. வரி தனியாகவே சிரிப்பூட்டுகிறது என்றால் அது துணுக்கு, அதற்கு உங்கள் படம் தேவையில்லை. கையை எடுத்தும் எடுக்காமலும் ஒரே விஷயம்தான் தெரிகிறது என்றால், என் பொறுப்பாசிரியரின் சிவப்பு மை.

எல்லாப் படத்துக்கும் இது நடக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். நல்ல வெளிச்சம், நேரான தொடுவானம், எல்லோரும் அழகாகச் சிரிக்கும் படம் கேப்ஷனுக்கு மிக மோசமான படம்; அதில் ஒட்டிக்கொள்ள ஒரு பிசிறும் இருக்காது. அதை வெறும் தேதியோடு போட்டுவிடுங்கள், அழகாக இருந்துவிட்டுப் போகட்டும். பாதி மூடிய கண், ஓரத்தில் யாரோ ஒருவர் முதுகு, மூலையில் அப்பா விரல், இவைதான் நமக்கு வேண்டியவை.

உங்கள் தொட்டபெட்டா படம் அதனால்தான் தங்கம். நீலகிரியிலேயே உயரமான இடம், 2,637 மீட்டர், அங்கே ஏறிப் போய் நின்று எடுத்த படத்தில் வெறும் வெள்ளை. படம் முழுக்க இடைவெளி, நீங்கள் எதைச் சொன்னாலும் அங்கே இருப்பதாக ஆகிவிடும். குடும்பம் வரிசையாக நின்று, யாராவது ஒருவர் கையை நீட்டி எதையோ காட்டுகிற மாதிரி ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள். பனிமூட்டத்தில் எப்போதும் ஒருவர் அப்படிக் காட்டிக்கொண்டிருப்பார். இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதைத் தொட வேண்டாம், வெளிச்சத்தையும் கூட்ட வேண்டாம். கீழே இது:

"பின்னால் தெரிவது கோயம்புத்தூராம்."

உங்கள் தம்பிக்கு முன்னால் போட்டுவிடுங்கள்.